வழியில் தொலைந்த வோல்ட்

கைபேசி பழுது பார்க்கும் சிறு கடைகளில் அடிக்கடி நடப்பது இது. மேசையின் ஓரத்தில் ஒரு டிசி பவர் சப்ளை. அதிலிருந்து சிவப்பிலும் கறுப்பிலும் இரண்டு வயர்கள் வந்து, முனையில் உள்ள கிளிப்புகளால் ஒரு கைபேசி போர்டைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. பேட்டரிக்குப் பதிலாக 4 வோல்ட் கொடுத்து, போர்டு உயிர் பெறுகிறதா என்று பார்க்கிறார் வேலை பழகும் இளைஞர். திரையில் நிறுவனத்தின் முத்திரை தோன்றுகிறது. சில நொடிகளில் அணைந்துவிடுகிறது. மறுபடி தோன்றுகிறது, மறுபடி அணைகிறது.

“அண்ணே, பவர் ஐசி போயிடுச்சு. மாத்திரலாமா?”

“சப்ளை எவ்வளவு காட்டுது தம்பி?”

“நாலு வோல்ட். அசையாம நிக்குது.”

“அது மெஷின் வாசல்ல இருக்கிற நாலு. போர்டுமேல மீட்டர வெச்சுப் பாரு.”

மல்டிமீட்டரின் முனைகளைப் போர்டின் பேட்டரி இணைப்பில் வைத்துப் பார்த்தால், முத்திரை தோன்றும் நேரத்தில் 3.3 வோல்ட்தான் இருக்கிறது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எண்ணி, கைபேசி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் அளவு அது. வேறொரு வயர் ஜோடியை மாட்டியதும் போர்டு முழுமையாக எழுந்து நிற்கிறது. ஐசியில் குறை எதுவும் இல்லை. வோல்ட் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

பவர் சப்ளையை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குபவர்கள்கூட, அதன் வயர்களை யோசிக்காமல் வாங்குகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் அந்த வயர்கள், பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சப்ளையின் முகப்பில் தெரியும் எண்ணுக்கும் போர்டுக்குக் கிடைக்கும் மின்சாரத்துக்கும் நடுவே இருப்பது அந்த வயர்தான். அது தரும் தகவல் தவறானால், அடுத்தடுத்த முடிவுகள் அத்தனையும் தவறாகும்.

பிளக்கும் கிளிப்பும்

சப்ளையில் செருகும் முனைக்கு பனானா பிளக் என்று பெயர். நடுவே புடைத்து, இரு நுனியிலும் ஒடுங்கிய வில் தகடுகள் அதன் தண்டைச் சுற்றி இருப்பதால் வாழைப்பழத்தின் பெயர் வந்தது. துளைக்குள் போகும்போது தகடுகள் அமுங்கி, பிறகு விரிந்து சுவரை அழுத்திப் பிடிக்கின்றன. மின்தொடர்பைத் தருவது அந்த அழுத்தம்தான். ஜெர்மனியின் ஹிர்ஷ்மன், அமெரிக்காவின் ஜெனரல் ரேடியோ ஆகிய இரு நிறுவனங்களும் 1920களில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தன. விட்டம் 4 மில்லிமீட்டர். பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் இடைவெளி பெரும்பாலும் 19 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். இந்த இரண்டு எண்களும் மாறாமல் இருப்பதால்தான் ஓர் ஆய்வகத்தின் வயர் இன்னோர் ஆய்வகத்தின் கருவியிலும் பொருந்துகிறது.

மறுமுனையில் முதலை கிளிப். பல் வரிசை கொண்ட இரண்டு தாடைகள், நடுவே ஒரு கீல் ஆணி, ஒரு ஸ்பிரிங். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வயர் இணைக்கப்பட்டிருப்பது ஒரு தாடையில் மட்டும்தான். மற்ற தாடைக்கு மின்சாரம் கீல் ஆணி வழியாகவும் ஸ்பிரிங் வழியாகவும் சுற்றித்தான் போக வேண்டும். அங்கே துரு ஏறியிருந்தால் தொடர்பு தடுமாறும். ஆகவே கவ்வும்போது, வயர் பொருத்திய தாடை நேரடியாக உலோகத்தைத் தொடும்படி திருப்பிக் கவ்வுவது நல்லது.

விலை மலிந்த கிளிப்புகளில் வயர் சாலிடர் செய்யப்பட்டே இருக்காது. தோல் உரித்த கம்பியைத் தகட்டின் வாலில் வைத்து மடித்து அமுக்கியிருப்பார்கள். மேலே ரப்பர் உறை இருப்பதால் அது வெளியே தெரியாது. உறையைப் பின்னால் தள்ளிப் பார்த்தால் நாலைந்து இழைகள் மட்டுமே ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

நிறம் சொல்வதும் சொல்லாததும்

சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். டிசி மேசையில் இது எழுதப்படாத சட்டம். ஆனால் வயரின் நிறம் மின்சாரத்துக்குத் தெரியாது. சிவப்பு வயர் பிளஸ் ஆவது, யாரோ ஒருவர் அதைச் சிவப்புத் துளையில் செருகியதால்தான். அவசரத்தில் மாற்றிச் செருகினால், அதே சிவப்பு வயர் மைனஸைச் சுமந்து வரும். கிளிப்பின் உறை கழன்று, கையில் கிடைத்த வேறு நிற உறையை யாரோ மாட்டியிருக்கலாம். எனவே, நிறம் என்பது முன்னால் உட்கார்ந்தவர் கொடுத்துவிட்டுப் போன வாக்கு. போர்டைத் தொடும் முன் அதைச் சரிபார்க்க ஐந்து நொடி போதும். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைச் சிவப்பு கிளிப்பிலும் கறுப்பு முனையைக் கறுப்பு கிளிப்பிலும் வைத்தால், எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரக் கூடாது.

பெரும்பாலான சப்ளைகளின் முகப்பில் மூன்றாவதாக ஒரு பச்சைத் துளையும் இருக்கும். கறுப்புக்குப் பதில் பச்சையில் செருகிவிட்டு, “சப்ளை வேலை செய்யவில்லை” என்று குழம்புவது புதியவர்களிடம் சகஜம். பச்சை என்பது மைனஸ் அல்ல. அது கருவியின் உலோக உடலோடும், சுவர் சாக்கெட்டின் எர்த்தோடும் இணைந்த முனை. சிவப்பும் கறுப்பும் அந்த எர்த்திலிருந்து விலகி, தனித்து நிற்பவை. தேவைப்பட்டால் கறுப்பையும் பச்சையையும் சேர்க்க ஓர் உலோகத் தகட்டைச் சில நிறுவனங்கள் கொடுத்திருப்பார்கள்.

அந்தத் தகடு மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். ஆசிலோஸ்கோப்பின் தரைக் கிளிப் வழக்கமாக எர்த்தோடு சேர்ந்தது. தகடு மாட்டிய நிலையில் அந்தக் கிளிப்பைச் சர்க்யூட்டின் பிளஸில் கவ்வினால், எர்த் வழியாக நேரடி ஷார்ட் ஆகிவிடும். தகடு இல்லாதபோது தீங்கின்றிப் போகும் அதே தவறு, தகடு இருக்கும்போது போர்டைக் கெடுக்கும்.

வீட்டு வயரிங்கின் பழக்கத்தையும் இங்கே கொண்டுவரக் கூடாது. இந்திய வீடுகளில் கறுப்பு என்பது நியூட்ரல், சிவப்பு என்பது பேஸ். அமெரிக்காவில் கறுப்பு வயரே பேஸ். ஒரே நிறம் இடத்துக்கு இடம் வேறு பொருள் தருகிறது. டிசி மேசையின் வழக்கு டிசி மேசைக்கு மட்டுமே.

வயரையே சோதிப்பது எப்படி?

முதலில் சொன்ன கடைக்குத் திரும்புவோம். போர்டு 1.5 ஆம்பியர் இழுத்தபோது 4 வோல்ட் 3.3 ஆகக் குறைந்தது. ஏறக்குறைய 0.7 வோல்ட் இழப்பு. அதை 1.5 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.45 ஓம். அதுதான் போக வர இரு வயர்களும், அவற்றின் பிளக்கும் கிளிப்பும் சேர்ந்த மொத்தத் தடை. கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நல்ல செம்புக் கம்பியாக இருந்தால், மீட்டர் நீள ஜோடி ஒன்றின் தடை 0.035 ஓம்தான். இணைப்புகளையும் சேர்த்து 0.05 வரலாம். அந்த வயரில் இதே 1.5 ஆம்பியருக்கு இழப்பு 0.08 வோல்ட்டைத் தாண்டாது.

இந்தத் தடையை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். சப்ளையே அளந்து சொல்லும். மின்னோட்ட வரம்பை 1 ஆம்பியரில் வைத்து, சிவப்பு கிளிப்பையும் கறுப்பு கிளிப்பையும் ஒன்றோடொன்று கவ்வவிட்டு, அவுட்புட்டை ஆன் செய்ய வேண்டும். ஷார்ட் என்பதால் சப்ளை உடனே சி.சி. நிலைக்கு, அதாவது மின்னோட்டத்தை வரம்பில் நிறுத்திக்கொள்ளும் நிலைக்குப் போகும். அப்போது முகப்பில் தெரியும் வோல்ட், அந்த 1 ஆம்பியரை வயர் வழியே தள்ளத் தேவைப்படும் வோல்ட். 0.05 காட்டினால் 0.05 ஓம், 0.45 காட்டினால் 0.45 ஓம். புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் மட்டுமே காட்டும் மலிவான சப்ளையாக இருந்தால், சப்ளையின் துளைகளுக்கு அருகிலேயே மல்டிமீட்டரை வைத்து அளக்கலாம்.

தடை அதிகமென்று தெரிந்தால், குறை எங்கே என்று தேடலாம். அதே ஷார்ட் நிலையில், மல்டிமீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையை பிளக்கின் உலோகத்திலும் மறுமுனையை அதே வயரின் கிளிப்பிலும் வைத்தால், எந்த வயர் அதிகம் தின்கிறது என்று தெரிந்துவிடும். சிவப்பு மட்டும் அதிகம் காட்டினால் குறை பெரும்பாலும் அதன் கிளிப்பிலோ பிளக்கின் திருகிலோ இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி அதிகம் காட்டினால் கம்பியே மோசம். ஒரு காந்தத்தை வயரின் நடுப்பகுதியில் வைத்துப் பார்க்கலாம். ஒட்டினால் உள்ளே இருப்பது செம்பு பூசிய இரும்பு. கிளிப் எப்படியும் இரும்பாக இருக்கக்கூடும் என்பதால் காந்தச் சோதனையை அங்கே செய்து பயனில்லை.

கிளிப்பின் பிடிப்புதான் குறை என்றால் அரை மணி நேர வேலை. பழைய இணைப்பை வெட்டிவிட்டு, முதலில் ரப்பர் உறையை வயரில் கோத்துவிட வேண்டும். இதை மறந்து சாலிடரை முடித்துவிட்டு, மறுபடி உருக்கிக் கழற்றாதவர் குறைவு. பிறகு ஐந்தாறு மில்லிமீட்டர் தோல் உரித்து, கிளிப்பின் வாலில் சாலிடர் செய்து, வாலின் இரு காதுகளையும் உரிக்காத தோல்மேல் மடித்து அமுக்க வேண்டும். இழுவையைத் தாங்குவது அந்தக் காதுகள். மின்சாரத்தைத் தாங்குவது சாலிடர்.

இணைக்கும் வரிசை

அறிமுகமில்லாத போர்டு ஒன்று மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவுட்புட் ஆஃப் நிலையில் இருக்க, வோல்ட்டை 4.0க்கும் மின்னோட்ட வரம்பை 1 ஆம்பியருக்கும் அமைக்கலாம். வரம்பை முன்கூட்டியே காட்டாத சப்ளையில், கிளிப்புகளை ஷார்ட் செய்து திருகைச் சரிசெய்துவிட்டுப் பிரிக்க வேண்டும். அடுத்து கிளிப் முனைகளில் மல்டிமீட்டரால் வோல்ட்டையும் திசையையும் பார்த்துவிட்டு, மறுபடி ஆஃப். அதன் பிறகுதான் போர்டு.

முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு. கழற்றும்போது முதலில் சிவப்பு, கடைசியில் கறுப்பு. இதற்குக் காரணம் உண்டு. போர்டில் யுஎஸ்பி வயர் போல வேறு இணைப்புகளும் இருக்கலாம். கறுப்பு இல்லாமல் சிவப்பை மட்டும் கொடுத்தால், திரும்பிப் போகும் மின்னோட்டம் அந்த மெல்லிய இணைப்புகளில் வழி தேடும். ஆஃப் செய்ய மறந்த நாளில் போர்டைக் காப்பது இந்த வரிசைதான்.

கிளிப்புகள் இரண்டையும் அருகருகே கவ்வவிடுவது அடுத்த ஆபத்து. கைபேசியின் பேட்டரி இணைப்பில் பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான் இருக்கும். முதலை கிளிப்பின் வாய் அதைவிட அகலம். இங்கே கிளிப்பை நேரடியாகக் கவ்வாமல், அந்த இணைப்புக்கென்றே கிடைக்கும் சிறு கேபிளை மாட்டி, அதன் முனைகளில் கிளிப்பைக் கவ்வ வேண்டும். கறுப்பைப் போர்டின் உலோக மூடியில் கவ்வினால் இரண்டு கிளிப்புகளும் தள்ளியே நிற்கும்.

ஆன் செய்ததும் முகப்பு என்ன சொல்கிறது என்பதைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பழுது பார்த்தாயிற்று. பவர் பொத்தானை அழுத்தும் முன் மின்னோட்டம் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். வரம்பு வரை ஏறி, வோல்ட் வயரின் இழப்பு அளவுக்கு, அதாவது பூஜ்யத்தை ஒட்டி விழுந்தால் போர்டில் நேரடி ஷார்ட். வரம்பு வரை ஏறி, வோல்ட் 0.6, 0.7 என்ற அளவில் நின்றால் கை உடனே அணைக்கும் பொத்தானுக்குப் போக வேண்டும். பிளஸும் மைனஸும் மாறியிருக்கின்றன என்பதற்கு அது வலுவான அறிகுறி. சில்லுகளின் உள்ளே, தலைகீழாக மின்சாரம் வந்தால் திறக்கும் டயோடு பாதைகள் இயல்பாகவே உண்டு. ஒரு சிலிக்கான் டயோடு தின்னும் வோல்ட் அதுதான். நல்ல வயரும் குறைந்த வரம்பும் இருந்தால் அந்த ஓரிரு நொடியைப் போர்டு பெரும்பாலும் தாங்கிவிடும். வரம்பை 5 ஆம்பியரில் விட்டிருந்தால் தாங்காது. மோசமான வயராக இருந்தால் அதன் இழப்பும் இதோடு சேர்ந்துகொண்டு, ஷார்ட்டா திசை மாற்றமா என்று பிரித்தறியவே முடியாமல் போகும்.

முத்திரை தோன்றித் தோன்றி மறைவதற்கு வரம்பு குறைவாக இருப்பதும் காரணமாகலாம். ஆனால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். வரம்பு போதாதபோது சி.சி. விளக்கு எரியும், முகப்பின் வோல்ட்டும் சரியும். வயர் மோசமாக இருந்தால் முகப்பு 4.0 என்று உறுதியாக நிற்கும். போர்டு மட்டும் சாகும்.

மின்னோட்ட வரம்பு எல்லாவற்றையும் காக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. சப்ளையின் வெளிவாசலில் ஒரு மின்தேக்கி உண்டு. அதில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் மின்சாரம் வரம்புச் சுற்றுக்குக் கட்டுப்பட்டதல்ல. 12 வோல்ட்டில், 20 மில்லிஆம்பியர் வரம்பில், ஆன் நிலையிலேயே ஓர் எல்இடியைக் கிளிப்பில் தொட்டால், வரம்பு விழித்துக்கொள்ளும் முன்பே அந்த மின்தேக்கி எல்இடியை எரித்துவிடக்கூடும். இணைத்த பிறகு வோல்ட்டைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுவதே முறை.

உயிருள்ள முனை கடைசியில்

சப்ளையோடு ஒரு பேட்டரியை இணைக்கும்போது கதையே மாறுகிறது. யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியைச் சார்ஜ் செய்ய சப்ளையை 13.7 வோல்ட்டிலும் 0.7 ஆம்பியரிலும் வைக்கலாம். ஆனால் அந்த வரம்பு சப்ளை தரும் மின்னோட்டத்துக்கு மட்டுமே. பேட்டரி தானே தரும் மின்னோட்டத்தை அது தடுக்காது. திசை மாறி இணைத்தால், சப்ளையின் உள்ளே உள்ள பாதுகாப்பு டயோடு வழியாகப் பேட்டரி தன் முழு பலத்தையும் கொட்டும். வயரின் தோல் உருகும், கிளிப் வெல்டிங் போல் ஒட்டிக்கொள்ளும். மின்வெட்டு வந்தாலும் பேட்டரியிலிருந்து சப்ளைக்குள் மின்சாரம் திரும்பிப் பாயலாம். பேட்டரியின் பிளஸுக்கு மிக அருகில் ஒரு சிறு பியூஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இங்கே வரிசையும் முக்கியம். பனானா பிளக்குகளை முதலில் சப்ளையில் செருகிவிட்டு, பேட்டரி முனையைக் கடைசியில் கவ்வ வேண்டும். மாற்றிச் செய்தால், மேசைமேல் கிடக்கும் இரண்டு வெற்று பிளக்குகளிலும் பேட்டரியின் உயிர் இருக்கும். அவை ஒன்றையொன்று தொட்டால் போதும்.

இதே காரணத்தால் வெற்று பனானா பிளக்குக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் 6 ஆம்பியர் சாக்கெட்டில் பேஸ், நியூட்ரல் துளைகள் சுமார் 5 மில்லிமீட்டர் ஊசிகளுக்கானவை. அவற்றின் இடைவெளியும் 19 மில்லிமீட்டர். மூடித்தகடு இல்லாத பழைய சாக்கெட்டில் 4 மில்லிமீட்டர் பிளக் தடையின்றிப் போய்விடும். மறுமுனையில் தொங்கும் கிளிப்புகளில் 230 வோல்ட் வரும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இந்த வயர்கள் வெளியே கிடக்கக் கூடாது. பள்ளி ஆய்வகங்களிலும், வேலை முடிந்ததும் எண்ணிப் பார்த்து அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும்.

உலோகத்தைச் சுற்றி பிளாஸ்டிக் உறை போட்ட பனானா பிளக்குகளும் கடையில் கிடைக்கின்றன. டிசியில் 60 வோல்ட்டுக்கு மேல் அபாயமான அளவு என்று சர்வதேசப் பாதுகாப்புத் தரநிலைகள் கொள்கின்றன. இரண்டு 30 வோல்ட் சப்ளைகளைத் தொடராக இணைத்தாலே அந்த எல்லையை எட்டிவிடலாம். அந்த வேலைகளுக்கு உறையிட்ட பிளக்கே சரி. திறந்த முதலை கிளிப்புக்கு அங்கே இடமில்லை.

வீட்டிலோ கடையிலோ பவர் சப்ளை வைத்திருப்பவர்கள் இன்றே ஒருமுறை கிளிப்புகளைச் சேர்த்துக் கவ்வவிட்டு, 1 ஆம்பியரில் வோல்ட்டைப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அந்த வயரை நம்பலாம். 0.2ஐத் தாண்டினால் கிளிப்பைச் சாலிடர் செய்து மறுபடி அளங்கள். அப்போதும் குறையவில்லை என்றால், இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி அந்த வயரை நடுவில் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.